ஒரு கிராம் புரதத்துக்கு எவ்வளவு சர்க்கரை?

உணவு ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் இப்போதெல்லாம் பாக்கெட்டைக் கையில் எடுத்து வருவதில்லை. கடைச் செயலியில் பார்த்த பொருளின் லேபிளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நாலைந்தாகச் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். கூடவே ஒரே கேள்வி: "இதில் எது நல்லது?" நல்லது என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான்: சர்க்கரை குறைவாக இருக்க வேண்டும், புரதம் கூடுதலாக இருக்க வேண்டும். அதற்கான எண்கள் படத்திலேயே இருக்கின்றன. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, பாக்கெட் உணவுகள் ஆற்றல், புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, சேர்த்த சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை 100 கிராமுக்கோ 100 மில்லிலிட்டருக்கோ, ஒரே தடவையில் தின்று முடிக்கும் பொதியாக இருந்தால் அந்தப் பொதிக்கோ, சொல்ல வேண்டும். ஆகவே, நூறு கிராம் பத்தியில் சர்க்கரை குறைந்ததையும் புரதம் கூடியதையும் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். தொழிலில் இருக்கிற பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்தப் பத்தியில்தான் தொடங்க வேண்டும், ஆனால் இரண்டு எண்களையும் தனித்தனியே ஒப்பிட்டால் வரிசை தவறிப்போகும், ஒன்றை மற்றொன்றால் வகுத்தால்தான் சரியாக வரும் என்பது என் கட்சி.

நான்கு பொருட்களை எடுத்துக்கொள்வோம். பிராண்ட் பெயர்கள் வேண்டாம். இவை எந்த ஒரு பாக்கெட்டின் எண்களும் அல்ல, அந்தந்த வகையில் வழக்கமாகக் காணப்படும் அளவுகள். முதலாவது, பாலில் கலக்கும் மால்ட் பொடி: 100 கிராமில் புரதம் 8 கிராம், மொத்தச் சர்க்கரை 37. இரண்டாவது, பழச்சுவை சேர்த்த கெட்டியான கிரீக் தயிர்: புரதம் 6, சர்க்கரை 12. மூன்றாவது, பேரீச்சம்பழ விழுதால் செய்த புரத பார்: புரதம் 20, சர்க்கரை 24. நான்காவது, பாக்கெட்டில் வரும் உப்புக்கடலை: புரதம் 20, சர்க்கரை 2. கடலையைப் பற்றிச் சண்டையில்லை, அது இரண்டு வழியிலும் முதலில் நிற்கிறது. சிக்கல் நடுவில்தான். புரதத்தை மட்டும் பார்த்தால் மால்ட் பொடி தயிரை முந்துகிறது, எட்டுக்கு ஆறு. சர்க்கரையை மட்டும் பார்த்தால் தயிரைவிட பார் இரண்டு மடங்கு மோசம். இந்த இரண்டு முடிவுகளுமே நம்பத் தகாதவை.

காரணம் தண்ணீர். மால்ட் பொடியின் நூறு கிராமில் ஈரம் மிகக் குறைவு, ஏறக்குறைய முழுவதுமே உணவுப் பொருள். தயிரின் நூறு கிராமில் எண்பது கிராமுக்குச் சற்றுக் குறைவாக நீர், மீதி இருபது சொச்சம்தான் உணவு. அந்த இருபது சொச்சத்தில் ஆறு கிராம் புரதம் என்றால் கால் பங்குக்கு மேல். நீரை நீக்கிவிட்டுப் பொடியின் பக்கத்தில் வைத்தால், நூற்றுக்கு எட்டு எங்கே, நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் எங்கே? நூறு கிராம் பத்தி பொய் சொல்லவில்லை. ஒரு பொடியை இன்னொரு பொடியோடும், ஒரு தயிரை இன்னொரு தயிரோடும் ஒப்பிட அது மிகச் சரியான கருவி. வறண்ட பொருளை ஈரமான பொருளோடு ஒப்பிடும்போதுதான் அது கைவிடுகிறது. ஆனால் மக்கள் அனுப்பும் படங்கள் எப்போதும் கலந்துதான் வருகின்றன. பிள்ளைக்குக் காலையில் பொடி கலந்த பாலா, தயிரா, பாரா என்பதுதான் வீட்டில் நடக்கிற யோசனை. இந்தப் பொடிக்குப் பதில் அந்தப் பொடி வாங்கலாமா என்பது அதற்குப் பிறகு வருவது.

ஆகவே நான் செய்வது ஒரு சின்ன வகுத்தல்: மொத்தச் சர்க்கரையைப் புரதத்தால் வகுப்பது. மால்ட் பொடிக்கு 37ஐ எட்டால் வகுத்தால் 4.6 வருகிறது, அதாவது ஒரு கிராம் புரதம் கிடைக்க நாலரை கிராமுக்கு மேல் சர்க்கரை உடன் வருகிறது. தயிருக்கு 2. பாருக்கு 1.2. கடலைக்கு 0.1. இப்போது வரிசை மாறிவிட்டது: கடலை, பார், தயிர், வெகு தூரம் தள்ளிப் பொடி. இந்த எண்ணின் சிறப்பு, அது பத்தியைச் சார்ந்து இருப்பதில்லை. நூறு கிராமுக்குக் கொடுத்திருந்தாலும், ஒரு பொதிக்குக் கொடுத்திருந்தாலும், ஒரு கரண்டிக்குக் கொடுத்திருந்தாலும், மேலேயும் கீழேயும் ஒரே அளவால் பெருகுவதால் விடை ஒன்றுதான். நீர் கூடினாலும் குறைந்தாலும் அப்படியே. எண்ணாகச் சொன்னால் புரியாதவர்களுக்கு இதையே பத்து கிராம் புரதமாக மாற்றிச் சொல்வேன். பத்து கிராம் புரதத்துக்குப் பொடி 125 கிராம் வேண்டும், அதோடு 46 கிராம் சர்க்கரை வரும். தயிரானால் 167 கிராம், சர்க்கரை 20. பாரானால் 50 கிராம் எடையுள்ள ஒன்று, சர்க்கரை 12. கடலையானால் 50 கிராம், சர்க்கரை ஒரே கிராம்.

வகுப்பதற்கு முன்னால் எண்கள் சரியாகப் படிக்கப்பட்டிருக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் அதுதான் பெரிய தலைவலி. படத்தைப் பெரிதாக்கி வெட்டும்போது பத்தியின் தலைப்பு மேலே போய்விடும், எண்கள் மட்டும் மிஞ்சும். எது நூறு கிராம், எது ஒரு பரிமாறல், எது தினசரித் தேவையின் சதவீதம் என்று தெரியாது. இதற்குத் தலைப்பு இல்லாமலே ஒரு சோதனை உண்டு. புரதம், மாவுச்சத்து, கொழுப்பு மூன்றையும் கூட்டுங்கள். மால்ட் பொடியில் 8, 85, 1 சேர்ந்து 94 வரும். வறண்ட பொருளுக்கு இந்தக் கூட்டல் நூறை நெருங்கினால் அது நூறு கிராம் பத்தி, இருபதுக்குப் பக்கம் வந்தால் அது ஒரு பரிமாறல். நூறைத் தாண்டினால் ஏதோ ஒரு எண் தவறாகப் படிக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது சோதனை ஆற்றல். புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு நான்கு கலோரி, கொழுப்புக்கு ஒன்பது. தயிரின் 6 கிராம் புரதம், 13 கிராம் மாவுச்சத்து, 3 கிராம் கொழுப்பு ஆகியவற்றுக்கு 103 கிலோகலோரி வர வேண்டும். மங்கிய படத்தில் 6.0 என்பதில் புள்ளி மறைந்து 60 என்று தெரிந்தால் கணக்கு 319க்குப் போகும், லேபிளிலோ 103 என்றே இருக்கும். உடனே தெரிந்துவிடும். நார்ச்சத்து நிறைந்த பொருளிலும், சர்க்கரை ஆல்கஹால்கள் சேர்த்த பொருளிலும் இந்தக் கணக்கு சற்றுக் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் அவை நான்கு கலோரி தருவதில்லை. அங்கே பத்துப் பதினைந்து விழுக்காடு வேறுபாடு வந்தால் படிப்பதில் பிழை என்று அலற வேண்டியதில்லை.

வெட்டிய படத்தால் வரும் குழப்பத்துக்கு மால்ட் பொடியே நல்ல உதாரணம். அந்த லேபிளில் பெரும்பாலும் 'பாலுடன் தயாரித்தால்' என்று இன்னொரு பத்தி இருக்கும். இருபது கிராம் பொடியை 200 மில்லி பாலில் கலந்தால் என்ன வரும் என்று பார்ப்போம். பொடி தருவது 1.6 கிராம் புரதம், 7.4 கிராம் சர்க்கரை. பாலில் நூறு மில்லிக்கு 3.2 கிராம் புரதமும் 4.7 கிராம் லாக்டோஸும் என்று வைத்தால், பால் தருவது 6.4 கிராம் புரதம், 9.4 கிராம் சர்க்கரை. மொத்தம் 8 கிராம் புரதம், 16.8 கிராம் சர்க்கரை. கவனியுங்கள், நூறு கிராம் பத்தியிலும் புரதம் 8, பாலுடன் பத்தியிலும் புரதம் 8. தலைப்பு இல்லாத படத்தில் எந்த எட்டு என்று யாருக்கும் தெரியாது. விகிதமோ 4.6லிருந்து 2.1க்கு இறங்கிவிட்டது. பொடி துளியும் மாறவில்லை, பால்தான் அதைத் தூக்கிவிட்டிருக்கிறது. அந்த டம்ளரின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு பாலுடையது. சேர்த்த சர்க்கரை முழுவதும் பொடியுடையது. 2024 ஏப்ரலில் இந்திய அரசு இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து நீக்கும்படி இணைய விற்பனைத் தளங்களைக் கேட்டுக்கொண்டது. பிரிவு மாறினால் பொடி மாறிவிடாது, லேபிளை இன்னமும் படிக்கத்தான் வேண்டும்.

இங்கே ஒரு மறுப்பு வரும். யார் நூறு கிராம் பொடி சாப்பிடுகிறார்கள்? தின்பது இருபது கிராம்தானே, அதில் சர்க்கரை ஏழு கிராம்தானே, இதற்குப் போய் இவ்வளவு கணக்கா? பாதி நியாயமான கேள்வி. ஏழு கிராமால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. லேபிள் விதி ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குச் சேர்த்த சர்க்கரை 50 கிராம் என்ற கணக்கில்தான் சதவீதம் போடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன பத்து விழுக்காடு வரம்பும் 2000 கலோரிக்கு அதே 50 கிராம்தான் வரும். அதைப் பாதியாக்கினால் இன்னும் நல்லது என்றும் அந்த நிறுவனம் சொன்னது. ஆனால் பரிமாறல் அளவை நிர்ணயிப்பவர் உற்பத்தியாளர். ஒரே வகைப் பொடிக்கு ஒருவர் இருபது கிராம் போடுவார், இன்னொருவர் முப்பது போடுவார், வீட்டில் அம்மா குவித்து இரண்டு கரண்டி போடுவார். பரிமாறல் அளவைச் சுருக்கினால் சர்க்கரை எண் சுருங்கும், அம்மாவின் கை அதற்குக் கட்டுப்படாது. விகிதத்தை அப்படிச் சுருக்க முடியாது. மேலும் அந்த மறுப்பு ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறது: பரிமாறல் சின்னது என்று சர்க்கரைக்குச் சலுகை கேட்டால், புரதத்துக்கும் அதே சின்னப் பரிமாறல்தான். இருபது கிராமில் புரதம் ஒன்றரை கிராம் சொச்சம். அதைப் புரதத்துக்காக வாங்குகிறேன் என்று சொல்ல முடியாது. சுவைக்காக வாங்குகிறேன் என்றால் எனக்கு மறுப்பில்லை.

அடுத்த மறுப்பு கனமானது. தயிரில் இருக்கும் சர்க்கரையில் ஒரு பகுதி பாலின் லாக்டோஸ், பாரில் இருப்பது பேரீச்சம்பழத்தின் சர்க்கரை, இவற்றை வெள்ளைச் சர்க்கரையோடு ஒரே கூடையில் போடலாமா? பால் பொருட்களைப் பொறுத்தவரை இந்த மறுப்பை முழுதாக ஏற்கிறேன். சாதாரணப் பாலுக்கே 4.7ஐ 3.2ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.5 வருகிறது, அதில் யாரும் ஒரு சிட்டிகை சர்க்கரை போடவில்லை. ஆகவே பால், தயிர், பால் பொடி சார்ந்தவற்றுக்கு மொத்தச் சர்க்கரைக்குப் பதில் சேர்த்த சர்க்கரை வரியை மேலே வைக்கிறேன். நம் தயிரில் சேர்த்தது 8 கிராம் என்றால் விகிதம் 1.3. மால்ட் பொடியில் சேர்த்தது 32 என்றால் 4. இடைவெளி குறைவதற்குப் பதில் கூடுகிறது. பேரீச்சம்பழத்துக்கு மட்டும் நான் அந்தச் சலுகையைத் தருவதில்லை. லேபிளில் 'சேர்த்த சர்க்கரை பூஜ்யம்' என்று இருக்கும், அதை மறுக்கவும் முடியாது. ஆனால் காய்ந்த பேரீச்சம்பழத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான், விழுதாக அரைத்த பிறகு அது முழுப் பழத்தைப் போல மென்று தின்னும் பொருளும் இல்லை. பிரிட்டனில் இது பற்றிய வரையறை பழ விழுதின் சர்க்கரையையும் கட்டற்ற சர்க்கரை என்றே கணக்கிடுகிறது. நீரிழிவு உள்ளவருக்கு ஒரு பாரில் வரும் 12 கிராம் சர்க்கரை, எந்தப் பழத்திலிருந்து வந்தாலும் 12 கிராம்தான். தேன், வெல்லம், கரும்புச்சாறு போன்றவற்றைப் பற்றிப் பேசவே தேவையில்லை, அவை சேர்த்த சர்க்கரைதான். உட்பொருள் பட்டியலை எடை குறையும் வரிசையில் எழுத வேண்டும் என்பதால், இனிப்பு எந்தப் பெயரில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது என் வகுத்தல் தோற்கும் இடத்துக்கு வருகிறேன். 'சர்க்கரை குறைத்த' மால்ட் பொடி ஒன்று வருகிறது என்று வையுங்கள். புரதம் அதே 8, மாவுச்சத்து அதே 85, சர்க்கரை மட்டும் 37க்குப் பதில் 10. விகிதம் 1.25, பேரீச்சம்பழ பாருக்குச் சமம். இந்த மாயம் எப்படி நடந்தது? லேபிளில் சர்க்கரை என்று கணக்கில் வருவது குளுக்கோஸ், சுக்ரோஸ், லாக்டோஸ் போன்ற ஒற்றை, இரட்டைச் சர்க்கரைகள் மட்டும். மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது மாவுச்சத்தைத் துண்டாக்கிச் செய்த பொடி. அதன் சங்கிலிகள் நீளமானவை என்பதால் சர்க்கரை வரியில் பெரும்பாலும் வராது, மாவுச்சத்து வரியில் போய் உட்காரும். ஆனால் குடலில் அது விரைவாகக் குளுக்கோஸாகிவிடும். சர்க்கரையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை நிரப்பினால் லேபிள் அழகாகும், இரத்தச் சர்க்கரைக்குப் பெரிய லாபம் இராது. மால்டிடால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்களும் சர்க்கரை வரியில் வருவதில்லை, ஆனால் அவை இரத்தச் சர்க்கரையை மெதுவாகவே ஏற்றும். அதிகம் தின்றால் வயிற்றைக் கலக்கும் என்பது வேறு விஷயம். ஆகவே சர்க்கரை குறைந்து மாவுச்சத்து குறையாத லேபிளைப் பார்த்ததும் உட்பொருள் பட்டியலின் படத்தைக் கேட்க வேண்டும். அது வரும்வரை இரண்டாவது ஒரு வகுத்தல் காப்பாற்றும்: புரதத்தை நான்கால் பெருக்கி மொத்தக் கலோரியால் வகுப்பது. மால்ட் பொடியில் 32ஐ 381ஆல் வகுத்தால் 8 விழுக்காடு சொச்சம். சர்க்கரை குறைத்த பொடியிலும் அதே 8. தயிரில் 23, கடலையில் 22, பாரில் 19. ஐரோப்பிய ஒன்றிய விதிகள் 'புரதம் உண்டு' என்று எழுத 12 விழுக்காடும், 'புரதம் மிகுந்தது' என்று எழுத 20 விழுக்காடும் கேட்பது இந்த ஆற்றல் கணக்கில்தான். அங்கேயும் எடையை நம்பவில்லை. அந்த அளவுகோலில் பொடி முதல் படியையே ஏறாது.

இந்த இரண்டாவது கணக்கு வேர்க்கடலை வெண்ணெய்க்கும் வேண்டியிருக்கிறது. நூறு கிராமில் புரதம் 25, சர்க்கரை 6, விகிதம் 0.24. முதல் கணக்கில் கடலைக்கு அடுத்தபடி வந்துவிடும். ஆனால் 612 கலோரியில் புரதத்தின் பங்கு 16 விழுக்காடுதான், மீதியில் பெரும்பகுதி எண்ணெய். பத்து கிராம் புரதத்துக்கு உப்புக்கடலை 183 கலோரி கேட்கிறது, வேர்க்கடலை வெண்ணெய் 245 கேட்கிறது. எடை கூட வேண்டிய ஒல்லிப் பையனுக்கு அது குறை இல்லை, எடை குறைக்க நினைக்கும் ஐம்பது வயதுக்காரருக்குக் குறைதான். விகிதம் சர்க்கரையைப் பற்றி மட்டும் பேசுகிறது. கொழுப்பைப் பற்றி அதனிடம் கேட்கக் கூடாது.

லேபிளே சரியா என்றும் கேட்பார்கள். கடைச் செயலியில் கிடக்கும் படம் பழைய பேட்சுடையதாக இருக்கலாம், உற்பத்தியாளர் செய்முறையை மாற்றியிருக்கலாம், விற்பனையாளர் தட்டச்சு செய்து போட்ட எண் படத்தில் உள்ளதோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம். அதனால்தான் செயலியின் எழுத்து விவரத்தைவிட அட்டையின் படத்தையே நம்புகிறேன், வீட்டுக்கு வந்த பாக்கெட்டின் படம் கிடைத்தால் அதை இன்னும் நம்புகிறேன். சரியான லேபிளிலும் எண்கள் சுருக்கி எழுதப்பட்டவை, பொருளும் பேட்சுக்குப் பேட்ச் சற்று மாறும். ஆகவே 1.2க்கும் 1.3க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து ஒரு பிராண்டை விட்டு இன்னொன்றுக்குப் போகச் சொல்வதில்லை. 1.2க்கும் 4.6க்கும் உள்ள வேறுபாடு எந்தச் சுருக்கலிலும் மறையாது. என் கணக்கு அந்தப் பெரிய இடைவெளிகளைப் பிடிக்கத்தான்.

கடைசியாக, புரதம் என்று எழுதிய எண் எல்லாப் பொருளிலும் ஒன்றையே குறிக்கிறதா என்பது. இல்லை. ஆய்வகத்தில் அளப்பது பெரும்பாலும் நைட்ரஜனை. அதை 6.25ஆல், பாலானால் 6.38ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். எந்த அமினோ அமிலங்கள் எவ்வளவு என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. பால் புரதம் உடலுக்கு முழுதாகப் பயன்படும், கொண்டைக்கடலைப் புரதம் அதைவிடக் குறைவாக, லைசின் குறைந்த கோதுமைப் புரதம் இன்னும் குறைவாக. சில புரத பார்களில் சேர்க்கும் கொலாஜனில் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் இல்லவே இல்லை, அதனால் தரக் கணக்கில் அதற்குப் பூஜ்யம்தான். ஆயினும் லேபிளில் அதன் ஒவ்வொரு கிராமும் முழுக் கிராமாகவே எண்ணப்படும். பாருக்கு நான் போட்ட 1.2 அதில் உள்ளது பால் புரதமானால் அப்படியே நிற்கும். இருபதில் பாதி கொலாஜன் என்றால் பயனுள்ள புரதம் பத்துதான் என்று வைத்து 24ஐ அதனால் வகுத்து 2.4 என்று கொள்வேன். எவ்வளவு கொலாஜன் என்று லேபிள் சொல்லாவிட்டால், உட்பொருள் பட்டியலில் பால் புரதத்துக்கு முன்னால் அது வருகிறதா பின்னால் வருகிறதா என்று பார்ப்பேன். கடலைக்கு இந்தத் திருத்தம் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதன் புரதத்தில் பாதியையே தள்ளுபடி செய்தாலும் 0.1 என்பது 0.2 ஆகும், அவ்வளவுதான். தவிர, அதைத் தின்பவர் அன்றைக்குச் சோறும் தயிரும் சாப்பிட்டிருப்பார். கடலையில் குறைந்தது அங்கே கிடைக்கும்.